வாடகை என்னுடையது, வரிப்பொறுப்பு அவருடையது



பள்ளி விடுமுறைக்குப் பிறகு நீண்ட நாள் எதுவும் எழுதவில்லை. சென்ற வாரம் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு எழுந்தது. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவருக்குக் காரைக்குடிப் பக்கம் பாட்டி வீடு பாகமாக வந்திருக்கிறது. "வாடகைக்கு விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். வாடகை சின்னத் தொகைதானே, வரியெல்லாம் வராது" என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே சொற்களைச் சொன்னவள்தான். அவரிடம் அன்று சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். அயலகத்தில் இருந்துகொண்டு தாய்நாட்டிலோ தாத்தா நாட்டிலோ ஒரு வீட்டுக்கு உரிமையாளராக இருப்போர் யாருக்கேனும் இது உதவக்கூடும்.

திருச்சிராப்பள்ளி உறையூரில் என் தாய்வழித் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று உண்டு. பின்னாளில் அது மாடி வீடானது. அம்மா திருமணமாகி மலேசியாவுக்கு வந்தபோதும் அந்த வீட்டில் அவருக்கு உரிமை இருந்தது. அம்மா மறைந்த பிறகு 2019இல் அது என் பெயருக்கு மாறியது. பெயர் மாற்றத்தின்போதே இந்திய வருமான வரித்துறையின் பான் அட்டை ஒன்றை எடுத்தேன். உறையூர் வங்கியில் என்.ஆர்.ஓ. கணக்கு ஒன்றையும் தொடங்கினேன். எல்லாம் முறையாகச் செய்துவிட்டோம் என்ற நிறைவு எனக்கு.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என் மாமா. என் சார்பில் கையொப்பமிட அவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2023 ஜூன் மாதம் ஓர் இளைஞர் மனைவி குழந்தையோடு குடிவந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை. மாத வாடகை 22,000 ரூபாய். மாதந்தோறும் 5ஆம் தேதி தவறாமல் என் கணக்கில் பணம் வந்து சேரும். வாடகை ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்று என் பெயரும், அதன் கீழே மாமாவின் உறையூர் முகவரியும் இருந்தன. நான் மலேசியாவில் இருப்பவள் என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. யாரும் அதை மறைக்க நினைக்கவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2024 ஜனவரி நடுவில் ஒருநாள் இரவு அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டு வாடகைப் படிக்காக ஆபீஸில உங்க பான் நம்பர் கேட்டாங்க. மாமாகிட்ட வாங்கிக் கொடுத்தேன். ஓனர் மலேசியாவில டீச்சரா இருக்காங்கன்னும் சொன்னேன். உடனே கணக்குப் பிரிவில, அப்படின்னா நீங்க டி.டி.எஸ். பிடிச்சுக் கட்டினீங்களான்னு கேட்கிறாங்க."

எனக்கு முதலில் சினம்தான் வந்தது. என் வருமானத்துக்கு வரி உண்டென்றால் நான் கட்டப்போகிறேன். இவர் எதற்கு இடையில் என்று எண்ணினேன். "நான் விசாரித்துச் சொல்கிறேன், தம்பி" என்று வைத்துவிட்டேன். மறுநாள் மாமா மூலம் திருச்சியில் ஓர் ஆடிட்டரிடம் பேசினேன். பத்தே நிமிடத்தில் என் சினம் வெட்கமாக மாறிவிட்டது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். இந்தியாவில் வசிக்காத ஒருவருக்கு, இந்தியாவில் வரிக்குரிய எந்தத் தொகையைக் கொடுத்தாலும், கொடுப்பவரே வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இது 195ஆம் பிரிவு. கொடுப்பவர் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாதச் சம்பளக்காரரான குடித்தனக்காரருக்கும் இது பொருந்தும். இத்தனை ரூபாய்க்கு மேல் என்ற வரம்பும் இதில் கிடையாது. 5,000 ரூபாய் வாடகையானாலும் பிடித்தம் செய்தாக வேண்டும்.

நம்மில் பலர் இடறி விழும் இடம் இந்த வரம்பில்தான். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டின் உரிமையாளர் திருச்சியிலேயே வசிப்பவர். அவருக்கும் வாடகை 22,000 ரூபாய்தான். அங்கே குடியிருப்பவரும் சம்பளக்காரர்தான். அந்தக் குடித்தனக்காரர் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. உள்ளூர் உரிமையாளருக்கு வாடகை கொடுக்கும் சம்பளக்காரர், மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் மட்டுமே பிடித்தம் செய்ய வேண்டும். அதற்கு வேறு பிரிவு, குறைந்த விகிதம், எளிய படிவம். ஒரே தெரு, ஒரே வாடகை; உரிமையாளர் எங்கே வசிக்கிறார் என்ற ஒன்றே அடுத்தடுத்த இரு வீடுகளையும் வேறு வேறு சட்டத்தின்கீழ் நிறுத்திவிடுகிறது. இங்கே குடியுரிமை கணக்கில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவராயினும் வேலையின் பொருட்டு ஆண்டு முழுவதும் கோலாலம்பூரில் இருந்தால் அவரும் வசிக்காதவரே. மலேசியக் குடிமகளான நான் ஆண்டுக்கு இரண்டு வாரம் போய்வருவதால் எனக்கு ஐயத்துக்கே இடமில்லை.

பிடித்த விகிதத்தைக் கேட்டபோது மூச்சு நின்றுவிட்டது. 30 விழுக்காடு வரி. அந்த வரியின்மேல் 4 விழுக்காடு கூடுதல் வரி. ஆக மொத்தம் 31.2 விழுக்காடு. அதுவும் வீட்டு வரி, பழுதுபார்ப்பு எதையும் கழிக்காத முழு வாடகையின்மீது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுக் கணக்கு சொல்லிக் கொடுக்கும் நான், அன்றிரவு எனக்கே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். 22,000 ரூபாயில் 31.2 விழுக்காடு 6,864 ரூபாய். மாதந்தோறும் என் கைக்கு வந்திருக்க வேண்டியது 15,136 ரூபாய்தான். அவரோ ஜூன் முதல் ஜனவரி வரை எட்டு மாதமும் முழு 22,000 ரூபாயையும் அனுப்பியிருக்கிறார். பிடிக்கத் தவறிய தொகை 54,912 ரூபாய்.

அந்தத் தொகைக்கு யார் பொறுப்பு? இதுதான் என்னைத் தலைகுனிய வைத்த வினா. பிடிக்கத் தவறியவரைச் சட்டம் கடமை தவறியவராகக் கொள்கிறது. வரித்துறை அந்தத் தொகையை அவரிடமே கேட்கலாம். பிடிக்காமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 1 விழுக்காடு வட்டி உண்டு. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் வட்டி மாதம் 1.5 விழுக்காடு. காலாண்டு அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய், வரித்தொகையை எட்டும் வரை. வீடும் என்னுடையது, வாடகையும் என்னுடையது, வரியும் என்னுடையது. ஆனால் அறிவிக்கை போகும் முகவரியோ அவருடையது. 54,912 ரூபாய் அவருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். நான் யார், எங்கே இருக்கிறேன் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டதால் வந்த வினை அது. இங்கே எங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடிக்கிறார்கள். பிடிப்பது அரசு, அதற்கென எழுத்தர்கள் இருக்கிறார்கள். அங்கே அந்த எழுத்தரின் வேலை, எங்கள் மாடி வீட்டில் கைக்குழந்தையோடு குடியிருக்கும் ஓர் இளைஞரின் தலையில் விழுந்திருந்தது.

மாமாவிடம் சொன்னபோது அவர் பழைய காலத்து யோசனை ஒன்றைச் சொன்னார். "நீ ஏம்மா கவலைப்படறே? உனக்கு இருபத்திரண்டாயிரம் முழுசா வரணும்னு ஒப்பந்தத்துல எழுதிடுவோம். வரியை அந்தப் பையன் பார்த்துக்கட்டும்." ஆடிட்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். வரியைக் குடித்தனக்காரரே ஏற்பதாக ஒப்பந்தம் எழுதினால், 22,000 ரூபாயை வரி போக மீந்த தொகையாகவே சட்டம் பார்க்கும். அப்படியானால் உண்மையான வாடகை என்ன? 68.8 விழுக்காடு 22,000 என்றால் 100 விழுக்காடு எவ்வளவு? 31,977 ரூபாய். அதில் வரி 9,977 ரூபாய். 22,000 ரூபாய் வீட்டுக்கு அவர் கிட்டத்தட்ட 32,000 ரூபாய் செலவழிக்க வேண்டும். அந்த வாடகைக்கு உறையூரில் யார் குடியிருப்பார்? மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "வாடகையை என் கணக்கில் போடச் சொல்லிவிட்டால்?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். பணம் எந்தக் கணக்குக்குப் போனாலும் வாடகை வீட்டுக்காரருடையது. பவர் பெற்றவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

வேறு சிலர், இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதே, அதைக் காட்டி விகிதத்தைக் குறைக்கலாமே என்றார்கள். 2012ஆம் ஆண்டின் அந்த ஒப்பந்தம் வட்டி போன்ற சில வருமானங்களுக்குத்தான் விகித உச்சவரம்பு வைக்கிறது. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தின் வருமானத்துக்கு அது எங்கே இருக்கிறதோ அந்த நாடு வரி விதிக்கலாம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே வாடகைக்கு அந்த வழியில் குறைப்பு இல்லை.

இனி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் எட்டு மாதத்துக்கான 54,912 ரூபாயை அவருக்கே திருப்பி அனுப்பினேன். வட்டியையும் நானே ஏற்றேன். ஒரு மாதத்துக்கு 1 விழுக்காடு என்றால் 6,864 ரூபாய்க்கு 68.64 ரூபாய். ஜூன் வாடகைக்கு ஜூன் தொடங்கிப் பிப்ரவரி வரை ஒன்பது மாதம், ஜூலைக்கு எட்டு, இப்படியே இறங்கி ஜனவரிக்கு இரண்டு. கூட்டினால் 44. வட்டி 3,020 ரூபாய். சட்டப்படி அது அவர் தலையில் விழும் செலவு, நியாயப்படி என்னுடையது.

அடுத்து அவர் டான் எண் ஒன்றைப் பெற்றார். பான் என்பது வரி செலுத்துபவரின் எண். டான் என்பது வரியைப் பிடிப்பவரின் எண். பிடித்த பணத்தைக் கட்டுவதற்கும், யாரிடமிருந்து பிடித்தோம் என்று அறிக்கை கொடுப்பதற்கும் அது வேண்டும். உள்ளூர் உரிமையாளருக்கு வாடகை கொடுப்பவர் டான் இல்லாமலே 26QC என்ற எளிய படிவத்தில் கட்டிவிடலாம். அயலக உரிமையாளருக்கு அந்தப் படிவம் பொருந்தாது. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்தப் படிவந்தான். பலர் அதில் கட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணிக்கொள்கிறார்கள் என்று ஆடிட்டர் சொன்னார்.

டான் வந்ததும் பிப்ரவரியில் பழைய தொகையையும் வட்டியையும் கட்டினார். பிப்ரவரி, மார்ச் வாடகையில் தலா 6,864 ரூபாய் பிடித்து 15,136 ரூபாய் எனக்கு அனுப்பினார். ஒரு மாதம் பிடித்த தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை காலம் உண்டு. பிறகு காலாண்டுக்கு ஒருமுறை 27Q என்ற அறிக்கை. அதில் என் பெயர், பான் எண், கொடுத்த வாடகை, பிடித்த வரி எல்லாம் இருக்கும். அந்த அறிக்கை கொடுத்த பிறகுதான் 16A என்ற சான்றிதழ் எனக்குக் கிடைக்கும். இந்த வேலைகளை ஆடிட்டர் அலுவலகம் காலாண்டுக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்கிறது. அந்தச் செலவையும் நானே ஏற்றிருக்கிறேன்.

பணம் கட்டியதோடு என் கவலை தீர்ந்துவிடாது. கட்டிய பணம் என் பெயரில் ஏறியிருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். வருமான வரித்துறையின் தளத்தில் 26AS என்ற பட்டியல் உண்டு. என் பான் எண்ணுக்கு வந்து சேர்ந்த வரிப்பிடித்தம் அனைத்தும் அதில் தெரியும். ஜூன் மாதம் திறந்து பார்த்தேன். பிரிவு என்ற இடத்தில் 195 என்று இருந்தது. தொகை 68,640 ரூபாய். பத்து மாதத்துக்குச் சரியான கணக்கு. அங்கே 194-IB என்றிருந்தால், உரிமையாளர் உள்ளூர்வாசி என்று எண்ணித் தவறான படிவத்தில் கட்டியிருக்கிறார் என்று பொருள். ஒன்றுமே இல்லையென்றால் பணம் பிடிபட்டிருக்கிறது, ஆனால் கட்டப்படவில்லை, அல்லது அறிக்கையில் பான் எண் பிழையாகிவிட்டது. ஓர் எழுத்து மாறினாலும் பணம் வேறெங்கோ போய் நிற்கும். மதிப்பெண் பட்டியலில் பெயர் மாறிப்போன மாணவனின் நிலைதான்.

இப்போது முக்கியமான கேள்வி. பிடித்த 68,640 ரூபாய்தான் என் வரியா? இல்லை. அது முன்பணம் போன்றது. உண்மையான வரி வேறொரு கணக்கு. 2023-24ஆம் நிதியாண்டில் நான் பெற்ற வாடகை 2,20,000 ரூபாய். மாநகராட்சிக்கு நான் கட்டிய சொத்து வரி 5,400 ரூபாயைக் கழித்தால் 2,14,600. அதில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துக்கொள்ள விடுகிறது; ரசீது எதுவும் காட்ட வேண்டியதில்லை. அது 64,380 ரூபாய். மீதி 1,50,220 ரூபாய். இதுவே வரிக்குரிய என் வருமானம். இந்தியாவில் எனக்கு வேறு வருமானம் இல்லை. அந்த ஆண்டில் புதிய வரிமுறையில் 3 இலட்சம் வரையிலும் பழைய முறையில் இரண்டரை இலட்சம் வரையிலும் வரி இல்லை. ஆகவே நான் கட்ட வேண்டிய வரி சுழியம்!

வரியே இல்லாத வருமானத்திலிருந்து 68,640 ரூபாய் பிடித்தம். இது என்ன நீதி என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். குடித்தனக்காரருக்கு என் மற்ற வருமானம் தெரியாது. என் கழிவுகளைக் கணக்கிடும் அதிகாரமும் அவருக்கு இல்லை. வீட்டுக்காரரோ நாட்டில் இல்லை. பிறகு தேடிப் பிடிக்க முடியாது. அதனால் அரசு முதலில் உயர்ந்த விகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்கிறது. கணக்கைக் காட்டித் திரும்பப் பெற்றுக்கொள் என்கிறது. கணக்குக் காட்டாதவர்களின் பணம் அங்கேயே நின்றுவிடும்.

2024 ஜூலை 31க்குள் கணக்குத் தாக்கல் செய்தேன். வசிக்காதவர்களுக்கு ITR-1 பொருந்தாது. ITR-2 என்ற படிவம். இங்கேயும் ஒரு சிறு கண்ணி இருந்தது. இணையத்தில் அனுப்பினால் மட்டும் போதாது. 30 நாளுக்குள் அதை உறுதிப்படுத்த வேண்டும். பலர் ஆதார் எண்ணுக்கு வரும் கடவுச்சொல்லால் நொடியில் முடிப்பார்கள். என்னிடம் ஆதார் இல்லை. ஒப்புகைத் தாளை அச்சிட்டு, கையொப்பமிட்டு, பெங்களூரில் உள்ள வரித்துறை மையத்துக்குப் பதிவஞ்சலில் அனுப்பினேன். அது அங்கே சேர்ந்ததா என்று அறியும்வரை நாளும் கணினியைத் திறந்து பார்த்தபடி இருந்தேன். 30 நாள் தாண்டினால் தாக்கல் செய்தது காலங்கடந்ததாகிவிடும். அக்டோபரில் முழுத்தொகையும் சிறிய வட்டியோடு என்.ஆர்.ஓ. கணக்குக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்துப் பதிந்து வைத்திருந்ததால் தடையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "இவ்வளவு இலட்சம் வரை வரியே கிடையாதாம்" என்று ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின்போது செய்திகள் வரும். 2023-24இல் 7 இலட்சம் என்றும், 2025-26இல் 12 இலட்சம் என்றும் சொன்னார்கள். அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் தள்ளுபடி. நம்மைப் போன்றோருக்கு அடிப்படை விலக்கு வரம்பு மட்டுமே. இரண்டு மூன்று வீடுகள் வைத்திருப்போர் இதை நம்பிக் கணக்குப் போட்டால் பிழையாகிவிடும்.

பணம் திரும்ப வருகிறது என்றாலும் ஆண்டு முழுவதும் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு முடங்கிக் கிடக்கிறதே? அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், தண்ணீர் மோட்டார் மாற்றுகிறோம். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. வரிப்பிடித்தத்தைக் குறைக்கவோ நீக்கவோ வருமான வரி அதிகாரியிடம் முன்கூட்டியே சான்றிதழ் கேட்கலாம். பழைய சட்டத்தில் 197ஆம் பிரிவு, படிவம் 13. வரித்துறையின் ட்ரேசஸ் தளத்தில் விண்ணப்பம். வாடகை ஒப்பந்தம், அந்த ஆண்டின் உத்தேச வருமானம், முந்தைய ஆண்டுக் கணக்கு, குடித்தனக்காரரின் டான் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். 2024 ஏப்ரலில் விண்ணப்பித்தேன். ஜூன் மாதம் சுழிய விகிதச் சான்றிதழ் வந்தது. அன்று முதல் அவர் முழு 22,000 ரூபாயையும் அனுப்பினார். ஏப்ரல், மே மாதங்களுக்குப் பிடித்தது பிடித்ததுதான். சான்றிதழ் பின்னோக்கிப் பாயாது. அது ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். அந்தக் குடித்தனக்காரரின் டான் எண்ணுக்கு மட்டுமே செல்லும். வேறொருவர் குடிவந்தால் வேறொரு சான்றிதழ் வேண்டும். பிடித்தம் சுழியமானாலும் அவர் 27Q அறிக்கையைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் சான்றிதழ் எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

திருச்சியில் குடிவரும்போது அட்வான்ஸ் கொடுப்பது வழக்கம். அது திரும்பக் கொடுக்க வேண்டிய பணம், வாடகையன்று. அதில் பிடித்தம் இல்லை. ஆனால் காலிசெய்யும்போது, "கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். கழிக்கும் அந்த நேரத்தில் அது வாடகையாகிவிடும். கையில் பணம் மாறாவிட்டாலும் வரியைக் கட்டியாக வேண்டும். சான்றிதழ் இல்லாத காலத்தில் இதைச் செய்தால், வீட்டை விட்டுப் போன ஒருவரைத் தேடி வரி கட்டச் சொல்லும் நிலை வரும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வருவதாக 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அதில் பிரிவுகளின் எண்கள் மாறியிருக்கின்றன. நான் மேலே எழுதிய பிரிவுகளும் படிவங்களும் எங்கள் கணக்கு நடந்த ஆண்டுகளுக்கு உரியவை. புதிய ஆண்டுக்குக் கணக்குப் பார்ப்போர் எண்களை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வசிக்காதவருக்குப் பணம் கொடுப்பவரே பிடிக்க வேண்டும் என்ற அடிப்படையைப் புதிய சட்டமும் கைவிடவில்லை.

சென்ற ஆண்டு மே மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். என் பெயருக்குக் கீழே இம்முறை என் மலேசிய முகவரி இருக்கிறது. அதற்கடுத்த வரியில், உரிமையாளர் இந்தியாவில் வசிக்காதவர். வாடகையில் சட்டப்படி வரி பிடிக்கப்படும். சான்றிதழ் இருந்தால் அதன்படி. அதற்கான செலவு உரிமையாளருடையது என்று எழுதச் சொன்னேன். மாமாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "இதையெல்லாம் படிச்சா எவன்மா குடிவருவான்?" என்றார்.

அந்த இளைஞர் படித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார். "இது முதல்லயே இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரி நான் தூங்கியிருப்பேன், டீச்சர்" என்றார்.

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி முடித்தபோது காரைக்குடி ஆசிரியை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார், மூன்று மாதமாக" என்றார். அன்று மாலையே அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள் என்றேன். சொல்லிவிட்டாராம்.